குரோம் உலாவியில் தள அனுமதிகளைச் சரிபார்ப்பதும், ஒரே ஒரு தளத்தை மட்டும் ரீசெட் செய்வதும்

குரோம் உலாவியின் அமைப்புகளுக்குள் தள அனுமதிகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. எந்தெந்த இணையதளம் நம் இருப்பிடத்தை அறியலாம், எது கிளிப்போர்டைப் படிக்கலாம், எது கைப்பேசியின் அசைவு சென்சார்களைப் பயன்படுத்தலாம் என்பவை அங்கே பதிவாகியிருக்கும். அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கும் பலர் அதில் சில பெயர்களை மட்டுமே கண்டு, மற்ற தளங்களுக்கு எந்த அனுமதியும் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரு தளத்தின் மீது சந்தேகம் வந்தால், அதன் பக்கத்தில் இருக்கும் `Reset permissions` பொத்தானை அழுத்திவிட்டு, எல்லாக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது என்று நம்புகிறார்கள். இரண்டுமே பாதிதான் சரி. ரீசெட் என்பது எதையும் தடை செய்வதில்லை. அந்தத் தளத்தைப் பற்றி நாம் எடுத்த முடிவுகளை உலாவி மறக்கச் செய்கிறது, அவ்வளவே. மறந்த பிறகு என்ன நடக்கும் என்பது ஒவ்வொரு அனுமதிக்கும் வேறுபடும் என்பதால், பட்டியலைப் படிக்கும் முறையிலிருந்து தொடங்குவோம்.

கணினியில் இந்தப் பகுதிக்குச் செல்ல, வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, `Settings`, அதில் `Privacy and security`, அதில் `Site settings` என்று போக வேண்டும். `Location` அங்கேயே கண்ணில் படும். `Motion sensors`, `Clipboard` இரண்டும் கீழே `Additional permissions` என்ற மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். தேடிக்கொண்டிருக்க விரும்பாதவர்கள் கீழுள்ள முகவரிகளை முகவரிப் பட்டையில் நேரடியாகத் தட்டச்சு செய்யலாம்.

```
chrome://settings/content/location
chrome://settings/content/clipboard
chrome://settings/content/sensors
```

இந்த மூன்று பக்கங்களின் அமைப்பும் ஒன்றுதான். மேற்பாதியில் எல்லாத் தளங்களுக்குமான பொது விதி இருக்கும். கீழ்ப்பாதியில் அந்த விதியிலிருந்து விலக்குப் பெற்ற தளங்களின் பெயர்கள், அனுமதிக்கப்பட்டவை தனியாகவும் தடுக்கப்பட்டவை தனியாகவும் இருக்கும். ஆகவே கீழே பெயர் இல்லாத தளம் அனுமதி இல்லாத தளம் அல்ல. அது மேலே உள்ள பொது விதியின்படி நடத்தப்படும் தளம். கீழே ஒரு பெயர்கூட இல்லாமல் பட்டியல் காலியாக இருக்கும்போதும், மேலே உள்ள விதி எல்லாவற்றையும் அனுமதிப்பதாக இருக்கலாம். நம் மூன்று அனுமதிகளுள் ஒன்றில் நிலைமை உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

இருப்பிடத்திற்கான பொது விதி, தளம் கேட்கலாம், நாம் பதில் சொல்லலாம் என்பது. ஒரு பக்கம் இருப்பிடத்தைக் கோரும்போது முகவரிப் பட்டைக்கு அருகே சிறு பெட்டி எழும். அதில் அந்தத் தளத்திற்கு வரும்போதெல்லாம் அனுமதிப்பது, இந்த ஒரு முறை மட்டும் அனுமதிப்பது, ஒருபோதும் அனுமதிக்காதது என்ற தேர்வுகள் இருக்கும். முதலாவதும் மூன்றாவதும்தான் பட்டியலில் நிரந்தரமாக எழுதப்படுகின்றன. இந்த ஒரு முறை மட்டும் என்ற தேர்வு, அந்தத் தளத்தை மூடிய சிறிது நேரத்தில் தானாகக் காலாவதியாகிவிடும். உணவகமோ பேருந்து நிறுத்தமோ தேடும் தளங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து; அந்த வசதி 2023 ஆம் ஆண்டில்தான் கணினிக் குரோமுக்கு வந்தது என்பதால், அதற்கு முன்பு நாம் கொடுத்த அனுமதிகள் எல்லாம் நிரந்தர அனுமதிகளாகவே பட்டியலில் தங்கியிருக்க வாய்ப்புண்டு.

நிரந்தர அனுமதி என்றவுடன், உலாவியை மூடிய பிறகும் அந்தத் தளம் நம்மைப் பின்தொடர்கிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தத் தளத்தின் பக்கம் திறந்திருக்கும்போது மட்டுமே இருப்பிடத்தைக் கேட்டுப் பெற முடியும். அதே சமயம், அந்தப் பக்கம் பெறுவது நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்ற மேலோட்டமான தகவல் அல்ல. அட்சரேகை, தீர்க்கரேகை, அவை எத்தனை மீட்டர் துல்லியமானவை என்ற எண் ஆகிய மூன்றையும் பெறுகிறது. ஜிபிஎஸ் இல்லாத மடிக்கணினியில்கூட, சுற்றிலும் தென்படும் வைஃபை நெட்வொர்க்குகளைக் கொண்டு தெரு அளவுக்கு இடத்தைக் கணிக்க முடிகிறது. இதை நிறுத்துவதற்குத்தான் இந்த அனுமதி. ஐபி முகவரியை வைத்து நகரத்தையோ மாவட்டத்தையோ தோராயமாக ஊகிப்பதை இது தடுக்காது. இருப்பிடத்தைத் தடை செய்த பிறகும் வானிலைத் தளம் பக்கத்து ஊரின் மழையைக் காட்டுவதற்கு அதுவே காரணம்.

இருப்பிடப் பட்டியலைப் பார்க்கும்போது பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. நாம் ஒருபோதும் தடை செய்யாத தளம், தடுக்கப்பட்டதாகக் காட்டப்படும். அனுமதி கேட்கும் பெட்டியில் எந்தப் பதிலும் சொல்லாமல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை மூன்று முறை அழுத்தி மூடினால், குரோம் அந்தத் தளத்தைத் தொல்லை தருவதாகக் கருதி ஏறக்குறைய ஒரு வாரத்திற்குத் தானாகவே தடுத்துவிடும். தளத்தின் விவரப் பக்கத்தில் இது தானாகத் தடுக்கப்பட்டது என்ற குறிப்போடு தெரியும். "என் லொகேஷன் ஆன்ல தான் இருக்கு, ஆனா சைட்டு எடுக்க மாட்டேங்குது" என்று சொல்லப்படும் புகார்களில் ஒரு பகுதி இந்த வகைதான். அதற்கு ரீசெட் சரியான மருந்து.

கிளிப்போர்டின் பொது விதியும் கேட்கலாம் என்பதுதான். ஆனால் எதற்காகக் கேட்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். நாமே விசைப்பலகையில் `Ctrl+V` அழுத்தி ஒட்டினால் எந்த அனுமதியும் தேவையில்லை, ஏனெனில் கொடுப்பது நாம். நாம் ஒட்டாமலேயே, பக்கத்தில் இயங்கும் நிரல் தானாகக் கிளிப்போர்டின் உள்ளடக்கத்தை எடுத்துப் பார்க்க முயலும்போதுதான் பெட்டி எழுகிறது. இணையவழி ஆவணத் தொகுப்பிகளின் மெனுவில் இருக்கும் ஒட்டு பொத்தான், தொலைவிலிருக்கும் கணினியை உலாவி வழியாக இயக்கும் சேவை போன்றவற்றுக்கு இது நியாயமாகவே தேவைப்படும். செய்தித் தளத்திற்கோ சமையல் குறிப்புத் தளத்திற்கோ தேவைப்பட எந்தக் காரணமும் இல்லை. குறுஞ்செய்தியிலிருந்து நகலெடுத்த ஓடிபி, கணக்கு எண், கடவுச்சொல் ஆகியவை எல்லாம் ஒட்டுவதற்கு முன்பு தங்கியிருக்கும் இடம் கிளிப்போர்டு என்பதை நினைத்துப் பார்த்தால், அனுமதிக்கப்பட்ட பிரிவில் எத்தனை பெயர்கள் இருக்கலாம் என்பது தெளிவாகும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு போதும்; பலருக்கு ஒன்றுமே வேண்டாம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. கிளிப்போர்டைப் படிப்பதற்குத்தான் அனுமதி கேட்கப்படுகிறது. நாம் பக்கத்தில் எங்காவது கிளிக் செய்தவுடன் அந்தப் பக்கம் சாதாரண எழுத்தைக் கிளிப்போர்டில் எழுதி வைப்பதற்குக் கேட்கப்படுவதில்லை. தள்ளுபடிக் கூப்பனின் அருகே உள்ள நகல் பொத்தான் எந்தக் கேள்வியும் இல்லாமல் இயங்குவது இதனால்தான். நீங்கள் மனிதர்தானா என்று சரிபார்ப்பதுபோல் நடித்து, ஒரு கட்டளையைக் கிளிப்போர்டில் ரகசியமாக வைத்துவிட்டு, விண்டோஸ் விசையையும் `R` விசையையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள் என்று சொல்லும் மோசடிப் பக்கங்களும் இதே வழியைத்தான் பயன்படுத்துகின்றன. கிளிப்போர்டு பட்டியலில் அந்தத் தளத்தைத் தடை செய்து வைத்தாலும் இந்த ஏமாற்று வேலை நடக்கும். அங்கே காப்பாற்றக்கூடியது, ஒட்டாமல் இருப்பது மட்டுமே.

மூன்றாவது வேறு ரகம். அசைவு சென்சார்களுக்கான பொது விதி, தளங்கள் பயன்படுத்தலாம் என்பது. இங்கே கேள்வி கேட்கும் பெட்டியே கிடையாது. அனுமதி, தடை என்ற இரண்டு நிலைகள்தான். முடுக்கத்தை அளக்கும் சென்சாரும், சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் கைப்பேசி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எப்படி அசைகிறது என்பதைச் சொல்கின்றன. கைப்பேசியைத் திருப்பும்போது 360 டிகிரி புகைப்படம் கூடவே திரும்புவதும், சாய்த்து ஓட்டும் விளையாட்டுகளும் இவற்றால்தான் இயங்குகின்றன. இதில் என்ன ரகசியம் இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் திரையில் ஒவ்வோர் இடத்தைத் தொடும்போதும் கைப்பேசி மிக நுட்பமாகச் சாய்கிறது என்பதால், அந்த அசைவுகளைக் கொண்டே நான்கு இலக்கப் பின் எண்ணை ஊகிக்க முடியும் என்று இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் காட்டினார்கள். அதன் பிறகு உலாவிகள், கண்ணுக்கு முன்னால் இல்லாத பக்கங்களுக்குச் சென்சார் தகவல் போகாதபடி கட்டுப்பாடுகளை இறுக்கியிருக்கின்றன. ஐபோனின் சஃபாரி, ஐஓஎஸ் 13 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் கேட்டுத்தான் கொடுக்கிறது. குரோம் கேட்பதில்லை.

ஆகவே சென்சார் பக்கத்தின் கீழ்ப்பாதி காலியாக இருந்தால், இன்று வரை நாம் பார்த்த எல்லாத் தளங்களும் அசைவுத் தகவலைப் பெறத் தகுதியுள்ளவையாக இருந்திருக்கின்றன என்பதே அதன் பொருள். இங்கே ஒரு தளத்தைத் தனித்தனியாகத் துரத்துவதைவிட, மேலே உள்ள பொது விதியையே தடைக்கு மாற்றிவிட்டு, தேவைப்படும் ஒன்றிரண்டு தளங்களை மட்டும் அனுமதிக்கப்பட்ட பிரிவில் சேர்ப்பது எளிது. மேசைக் கணினியில் இது பெரும்பாலும் பொருட்டே இல்லை, அங்கே அந்தச் சென்சார்களே இருக்காது. செய்ய வேண்டிய இடம் கைப்பேசி.

இனி ஒரு தளத்தை எடுத்து முழுமையாகப் பார்ப்போம். `https://busneram.example` என்று பேருந்து நேரம் காட்டும் ஒரு தளம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பயனர் முன்பொரு நாள் இருப்பிடத்தை நிரந்தரமாக அனுமதித்திருக்கிறார். கிளிப்போர்டைக் கேட்டபோது தடை செய்திருக்கிறார். சென்சார்களைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, இந்தத் தளத்துக்கு மட்டும் அவற்றையும் தடுத்து வைத்திருக்கிறார். அறிவிப்புகளையும் அனுமதித்திருக்கிறார், இப்போது அவை தொல்லையாக இருக்கின்றன. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கலாம் என்று நினைக்கிறார்.

முதலில் அவர் பார்க்க வேண்டியது முகவரியின் சரியான வடிவம். இந்த மூன்று அனுமதிகளும் தளத்தின் பெயருக்கு அல்ல, முழு முகவரிக்குத் தரப்படுகின்றன: தொடக்கத்தில் உள்ள `https`, நடுவில் உள்ள பெயர், இறுதியில் ஏதேனும் இருந்தால் போர்ட் எண், இவை மூன்றும் சேர்ந்ததே ஓர் அடையாளம். `https://busneram.example` ஒன்று, `https://www.busneram.example` வேறொன்று, `https://m.busneram.example` மூன்றாவது. ஒன்றை ரீசெட் செய்தால் மற்றது அப்படியே இருக்கும். ரீசெட் செய்த பிறகும் தளம் கேட்காமலேயே இருப்பிடத்தை எடுக்கிறது என்றால், பெரும்பாலும் இவற்றுள் வேறொரு கிளை முகவரியை ரீசெட் செய்திருப்போம். `chrome://settings/content/all` பக்கத்தில் தேடல் பெட்டியில் `busneram` என்று தட்டச்சு செய்தால், இந்தக் குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் தெரியும். வரிசையை விரித்தால் கிளைகள் தனித்தனியாக வரும்.

தேவையான கிளையைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தளத்தின் விவரப் பக்கம் திறக்கும். மேலே `Delete data` என்ற பொத்தானும், அனுமதிகளின் தலைப்புக்கு அருகே `Reset permissions` என்ற பொத்தானும் இருக்கும். முதலாவது குக்கிகளையும் சேமித்த தகவல்களையும் நீக்கும், லாகின் போய்விடும். இரண்டாவது லாகினைத் தொடாது. கீழே ஒவ்வோர் அனுமதியும் ஒரு தேர்வுப் பெட்டியோடு வரிசையாக இருக்கும். பொத்தானை அழுத்தும் முன்பு இந்த வரிசையை ஒரு முறை கண்ணால் ஓட்டி, எவை பொது விதியிலிருந்து மாறுபட்டு இருக்கின்றன என்று குறித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ரீசெட்டைத் திரும்பப் பெற வழியில்லை.

நம் பயனர் `Reset permissions` அழுத்தி, உறுதிப்படுத்தும் பெட்டியிலும் சம்மதிக்கிறார். இருப்பிடம் அனுமதியிலிருந்து கேட்கும் நிலைக்கு வருகிறது. கிளிப்போர்டு தடையிலிருந்து கேட்கும் நிலைக்கு வருகிறது. அறிவிப்புகளும் கேட்கும் நிலைக்கே வருகின்றன. சென்சார்களோ தடையிலிருந்து அனுமதிக்கு வருகின்றன, ஏனெனில் அவற்றுக்கான பொது விதி அனுமதி. பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று அழுத்திய பொத்தான், அவர் சாத்தி வைத்திருந்த ஒரு கதவைத் திறந்துவிட்டது. அது மட்டுமல்லாமல், அவர் வேண்டாம் என்று ஏற்கெனவே பதில் சொல்லியிருந்த கிளிப்போர்டுக் கேள்வியை அந்தத் தளம் மறுபடியும் கேட்கப் போகிறது. எனவே அவர் அதே பக்கத்தில் `Motion sensors` வரிசையை மீண்டும் `Block` என்று மாற்றுகிறார். கிளிப்போர்டையும் அவ்வாறே செய்கிறார். இருப்பிடத்தைக் கேட்கும் நிலையிலேயே விட்டுவிடுகிறார். ஒரே ஓர் அனுமதியை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம் என்றால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது; இருப்பிடப் பட்டியலில் அந்தத் தளத்தின் பெயருக்கு எதிரே உள்ள குப்பைத்தொட்டி ஐகானை அழுத்தினால், அந்த ஒன்று மட்டும் நீங்கியிருக்கும். அனுமதிகள் இரண்டு மூன்றுக்கு மேல் மாறியிருந்தால் ஒழிய, நான் முதலில் கை வைப்பது அந்த ஐகானில்தான்.

சரியாக நடந்ததா என்று பார்க்க, அந்தத் தளம் ஏற்கெனவே ஒரு டேபில் திறந்திருந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டும்; திறந்திருக்கும் பக்கம் தான் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ஆயத்தொலைவுகளைக் காட்டிக்கொண்டே இருக்கக்கூடும். புதுப்பித்த பின் அருகிலுள்ள நிறுத்தங்கள் பொத்தானை அழுத்தினால், அனுமதி கேட்கும் பெட்டி வர வேண்டும். வந்தால் ரீசெட் பலித்துவிட்டது. பெட்டி வராமல் இடம் தெரிந்தால், வேறு கிளையின் முகவரியில் நிற்கிறோமா என்று முகவரிப் பட்டையைப் பார்க்க வேண்டும். பெட்டி வந்து, அனுமதி கொடுத்த பிறகும் இடம் கிடைக்கவில்லை என்றால் கோளாறு பட்டியலில் இல்லை, பெரும்பாலும் இயங்குதளத்தில் இருக்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் ஆண்ட்ராய்டிலும் இருப்பிடத்திற்கென்று தனி அனுமதி உண்டு. அங்கே குரோமுக்கே இருப்பிடம் மறுக்கப்பட்டிருந்தால், குரோம் எந்தத் தளத்திற்கும் அதைக் கொடுக்க முடியாது. எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பலன் இராது.

ரீசெட்டுக்கு முன்பு அந்தத் தளம் பெற்றுக்கொண்ட தகவல் அதன் சர்வரில் சேமிக்கப்பட்டிருந்தால், அதை நம் உலாவியிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. அதற்குத் தளத்தின் கணக்கு அமைப்புகளுக்குள் சென்று பார்க்க வேண்டும். அலுவலகமோ கல்லூரியோ நிர்வகிக்கும் கணினியில், சில வரிசைகள் மாற்ற முடியாதபடி மங்கலாக இருக்கும். அவை நிர்வாகி வைத்த விதிகள், ரீசெட் அவற்றைத் தொடாது.

கணினியில் செய்த மாற்றம் கைப்பேசிக்குப் போகாது. ஒரே கூகுள் கணக்கில் இருந்தாலும் இரண்டிலும் பட்டியல்கள் தனித்தனி. ஆண்ட்ராய்டு குரோமில், அந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முகவரிக்கு இடப்பக்கம் உள்ள ஐகானைத் தட்டி `Permissions` சென்றால், அனுமதிகளை மட்டும் ரீசெட் செய்யலாம். `Site settings` வழியாகத் தளத்தைத் தேடிப் போனால் கிடைக்கும் பொத்தான், சேமித்த தகவல்களையும் அனுமதிகளையும் ஒன்றாகவே நீக்கிவிடும். உறுதிப்படுத்தும் பெட்டியில் குக்கிகளைப் பற்றிப் பேசினால் அது இந்த இரண்டாவது வகை. அந்தத் தளத்தின் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.